வியன்னா கணக்கு

பாளையங்கோட்டை,
ஞாயிறு

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம். முட்டிவலிக்குப் பழைய எண்ணெய்தான். பாபு மாமா வீட்டுத் தென்னையில் இந்த முறை காய் குறைவு. மற்றபடி ஊரில் சேதி ஒன்றுமில்லை.

வியன்னா மாநாட்டில் உன் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள் என்று நீ சொன்ன அன்றே தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். செலவைக் கேட்டதற்கு, "கிராண்ட் வரும்பா, எல்லாம் கவர் ஆயிடும்" என்றாய். அதற்கப்புறம் மூன்று வாரமாக அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. போன ஞாயிறு வீடியோவில் பேசியபோது உன் கையை அம்மா பார்த்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. கணக்கு மட்டும் போட்டு அனுப்புகிறேன்.

இருபத்தேழு வருஷம் கல்லூரி அலுவலகத்தில் பயணப்படி பில் பார்த்தவன் நான். "எல்லாம் கவர் ஆகும்" என்று சொல்லிப் போனவர்கள் திரும்பி வந்து என் மேஜை முன்னால் நின்றதை நிறையப் பார்த்திருக்கிறேன். நீ அனுப்பிய விதித்தாளை இரண்டு முறை படித்தேன். மத்திய அரசின் அறிவியல் நிதி அமைப்பான எஸ்.இ.ஆர்.பி. காலத்திலிருந்து வரும் அந்தப் பயண நிதி, இப்போது அதன் இடத்துக்கு வந்த ஏ.என்.ஆர்.எஃப். கையில் இருப்பது, மூன்றுக்குத்தான் பணம் தருகிறது: குறுகிய வழியில் எகானமி டிக்கெட், விசா கட்டணம், நீ 35 வயதுக்குக் கீழே என்பதால் பதிவுக் கட்டணம். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் அங்கே டிராமில் போவதற்கும் அதில் இடம் கிடையாது.

யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். பெங்களூரிலிருந்து போய்வர டிக்கெட் நீ சொன்னபடி 68,000. ஷெங்கன் விசா 90 யூரோ, அதாவது 9,000. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணத்துக்கு ஒரு 2,000 வை. விசாவுக்கே 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள், அது 1,500. பதிவுக் கட்டணம் 28,000, கட்டுரைச் சுருக்கம் அனுப்பக் கட்டியது 5,000. தங்குவதை ஆறு இரவு, இரவுக்கு 60 யூரோ என்று போட்டால் 36,000. ஏழு நாள் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 25 யூரோ வீதம் 17,500. விமான நிலையத்துக்கும் ஊருக்குள்ளும் போய்வர 4,000. பதிவுக் கட்டணம் முதல் இதுவரை சொன்னது, யூரோவாகக் கட்டுவது மட்டும் 90,500. உன் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்றரை சதவீதம் பிடித்து, அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் போடுவார்கள் என்றாயே, அது கிட்டத்தட்ட 3,700. எல்லாம் கூட்டினால் 1,74,700.

நிதியில் கிடைக்கக்கூடியது டிக்கெட், விசா, பதிவு மூன்றும் சேர்த்து 1,05,000. சேவைக் கட்டணத்தையும் காப்பீட்டையும் நான் சேர்க்கவில்லை. கொடுத்தால் நல்லது, கொடுப்பார்கள் என்று எண்ணிப் போகாதே. மீதி 69,700 உன் கைப்பணம். டிக்கெட்டில் பாதிதான் தருவோம் என்று உத்தரவு வந்தால் கிடைப்பது 71,000 ஆகிவிடும், உன் பங்கு 1,03,700. உனக்கு மாதம் வருவது 42,000. அதில் விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் போனது போக என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது மீனா. அந்த 1,05,000 நீ போகும்போது கையில் இருக்காது. திரும்பி வந்து, பில்களைக் கட்டி அனுப்பி, அவர்கள் பார்த்து முடித்த பிறகுதான் வரும். சில மாதம் ஆகும். ஆகவே இப்போது வேண்டியது 69,700 இல்லை, முழு 1,74,700. நகையை வைத்துப் பணம் எடுப்பவர்கள் வட்டியை இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அந்த வட்டியை எந்த நிதியும் தராது. நான் யாரையும் குறித்துச் சொல்லவில்லை.

டிக்கெட் விஷயத்தில் அவசரப்படாதே. அரசுப் பணத்தில் பறக்கிறவர்கள் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. இந்த மூன்றில் ஒன்றில் எடுக்க வேண்டும். வேறு இணையதளத்தில் நாலாயிரம் குறைவாகக் கிடைத்தது என்று எடுத்துவிட்டு, முழு டிக்கெட்டையும் இழந்தவர்கள் உண்டு. மாநாடு முடிந்து தோழியைப் பார்க்க பாரிஸ் வழியாகத் திரும்புவதாக இருந்தால், டிக்கெட் எடுக்கும் அன்றே நேர் வழிக் கட்டணத்தையும் அதே ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கி வை. அப்புறம் போய்க் கேட்டால் அன்றைய விலையைத்தான் சொல்வார்கள். நிறுவனம் உன் ஆய்வுச் செலவுக்கென்று ஒதுக்கும் கன்டின்ஜென்சியிலிருந்து ஏதாவது கொடுத்தால் அறை வாடகைக்குக் கேள். பதிவுக் கட்டண ரசீதை இரண்டு இடத்திலும் கொடுத்துவிடாதே. ஒரு ரசீதுக்கு ஓர் இடம்தான்.

டிக்கெட் விஷயத்தில் அவசரப்படாதே என்று மறுபடியும் சொல்கிறேன். விசா கைக்கு வராமல் ரத்து செய்ய முடியாத டிக்கெட் வேண்டாம். விசா மறுத்தால் விசா கட்டணமும் திரும்ப வராது.

கணக்கு எழுதிக்கொண்டே வரும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. எழுதாமல் விட முடியவில்லை. எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம் உனக்குக் கோடைப் பள்ளிக்கு இடம் கிடைத்து, கடிதத்தை நீட்டினாய். நான் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "நம்மால முடியாதும்மா" என்றேன். நீ மறுபேச்சுப் பேசவில்லை, கடிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். ஊரார் பில்லை எல்லாம் பைசா வரை பார்த்தவன், உனக்காக ஒரு தாள் எடுத்துக் கூட்டிப் பார்க்கவில்லை. பணம் இல்லாமல் சொல்லவில்லை. அஞ்சலகத்தில் இருந்தது. உன் கல்யாணத்துக்கு என்று போட்டதைத் தொட மனம் வரவில்லை, அதை உன்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அன்றிலிருந்துதான் பணம் என்றால் நீ என்னிடம் வாயே திறப்பதில்லை. தப்பு என்னுடையது.

அந்த டெபாசிட் தையில் முதிர்ந்துவிட்டது. திரும்பப் போடவில்லை, சேமிப்புக் கணக்கில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வங்கிக்குப் போய் 1,75,000 உன் கணக்கில் போடுகிறேன். எதையாவது எங்காவது வைத்திருந்தால் முதலில் அதை மீட்டுவிடு. நிதி வந்ததும் 1,05,000-ஐத் திருப்பிக் கொடு, மீதியைப் பற்றிப் பேச வேண்டாம். அம்மாவுக்கு இது தெரியும்.

இன்னொன்று. போர்டிங் பாஸை மொபைலில் மட்டும் வைத்துக்கொள்ளாதே, கவுன்டரில் அச்சடித்து வாங்கு. வாங்கிய அன்றே போட்டோ எடு. அந்தத் தாள் வெயில் பட்டால் வெளுத்துவிடும். ஒரு பேராசிரியர் ஸ்கூட்டர் பெட்டியில் போட்டு வைத்திருந்து என்னிடம் கொண்டுவந்தார். விரித்தால் வெறும் வெள்ளைத் தாள், ஓரத்தில் மட்டும் அரை எழுத்து. தேதியும் இல்லை, இருக்கை எண்ணும் இல்லை. நான்தான் ஆட்சேபம் எழுதித் திருப்பி அனுப்பினேன். போகும்போது நாலு நகல், வரும்போது நாலு நகல். அறை ரசீதும் அப்படித்தான்.

செவ்வாய் மதியம் பணம் வந்ததா என்று ஒரு வார்த்தை போன் செய்.

அன்புடன்,
அப்பா