சுவரில் ஒரு துளைக்கு இரண்டு கடிதங்கள்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள நண்பருக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. யாழ்ப்பாணத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவர் ஏ.சி. பூட்ட அனுமதி கேட்டிருப்பதாகவும், "போகும்போது சுவரைச் சரிசெய்து தருகிறேன்" என்று அவர் எழுதிக் கொடுத்தும் உமக்கு மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருந்தீர். அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. ஏனெனில் இரண்டு மாதங்களுக்கு முன்னர், ஏறக்குறைய அதே வாசகத்தை என் வீட்டுக்காரருக்கு நானே எழுதி, மறுநாளே "வேண்டாம்" என்ற பதிலையும் வாங்கியிருந்தேன்.

அவர் மறுத்தது பிடிவாதத்தால் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. நேரில் போய்க் கேட்டபோது, பக்கத்து அறைக்கு என்னை அழைத்துச் சென்று, ஜன்னலுக்கு மேலே ஓர் இடத்தை விரல்மடக்கால் தட்டிக் காட்டினார். மற்ற இடங்களில் "டக்" என்று கேட்ட சுவர் அங்கே மட்டும் வெற்றுப் பெட்டியைப் போல ஒலித்தது. முன்பு இருந்தவர் ஏ.சி.யைக் கழற்றிக்கொண்டு போகும்போது, குழாய் சென்ற துளைக்குள் பத்திரிகைத் தாளைத் திணித்து, மேலே விரல் தடிப்புக்குச் சீமெந்தைப் பூசி, அதன்மேல் பெயின்ட் அடித்திருக்கிறார். சாவியை ஒப்படைத்த நாளில் சுவர் அழகாகத்தான் இருந்ததாம். தென்மேற்குப் பருவமழை கடற்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்தபோது தாள் நீரை உறிஞ்சி, உள்ளே பெயின்ட் கொப்பளித்து, அந்தச் சுவர் முழுவதையும் சுரண்டித் திரும்பப் பூச வேண்டியதாயிற்று. அப்போது முற்பணம் முழுவதும் ஏற்கெனவே திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தது.

ஆகவே என் இரண்டாவது கடிதத்தில் "சரிசெய்து தருகிறேன்" என்ற சொல்லைத் தனியே விடாமல், எதை, எப்படி, யார் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரையில் என்று விரித்து எழுதினேன். முதலில் சுவருக்கு என்ன நேரும் என்பதைச் சொன்னேன். படுக்கையறைக்கும் பின் பால்கனிக்கும் இடையிலுள்ள செங்கல் சுவரில் இரண்டரை அங்குல அகலத்தில் ஒரேயொரு துளை. அது சுத்தியலாலும் உளியாலும் உடைக்கப்படாமல், வட்டமாக அறுக்கும் இயந்திரத்தால் எடுக்கப்படும். தூணையோ பீமையோ தொடாது. மழைநீர் உள்ளே வராதபடி வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து இருக்கும். ஏ.சி.யின் உட்பகுதியைத் தாங்கும் தகட்டுக்காக ஆறு ஆணித்துளைகள். வெளிப்பகுதியைச் சுவரில் தொங்கவிடாமல் பால்கனித் தரையில் ரப்பர் பாதங்களின் மேல் வைப்பதாக எழுதினேன். கடற்கரைக்கு இவ்வளவு அருகில் இரும்புத் தாங்கிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து, அந்தத் துரு மழையோடு வழிந்து சுவரில் செம்பழுப்புக் கோடுகளாக இறங்குவதை மரைன் டிரைவ் பக்கமுள்ள எந்தக் கட்டடத்திலும் பார்க்கலாம். அந்தக் கறையைப் பிறகு போக்குவது எளிதல்ல.

மின்சாரத்தைப் பற்றி ஒரே பந்தியில் முடித்தேன். 12,000 பி.ரி.யு. இயந்திரம், மின்பலகையிலிருந்து அதற்கென்றே தனி வயர், 20 அம்பியர் பிரேக்கர், சுவரை வெட்டிப் புதைக்காமல் பிளாஸ்டிக் கேசிங்கில் மேலோட்டமாக, தகுதியுள்ள மின்தொழிலாளர் ஒருவரால். மின்கட்டணம் வழமைபோல என்னுடையது. ஏ.சி.யிலிருந்து வடியும் நீரைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது: கொழும்பின் ஈரக்காற்றில் ஓர் இரவுக்கு ஒரு வாளி நீர் சேர்ந்துவிடும். வடிகுழாய் பால்கனி வடிகாலுக்குள் போகாவிட்டால், கீழ்வீட்டார் உலரப்போட்ட உடுப்பின்மேல் அது சொட்டும். அப்போது சண்டை எனக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே நில்லாது.

நீர் தனிவீட்டுக்காரர் என்பதால் அடுத்த சிக்கல் உமக்கு இல்லை. தொடர்மாடியில் வெளிச்சுவர் பொதுவாக எல்லோருக்கும் உரிய பகுதி. ஆதலால் வீட்டுக்காரர் "சரி" என்றாலும் முகாமைக் குழுவின் எழுத்துமூல ஒப்புதலும் தேவைப்படுகிறது. எங்கள் துளை பால்கனிக்குள்ளேயே திறப்பதால் அவர்கள் வடிகாலை மட்டும் வந்து பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

கடிதத்தின் கடைசிப் பகுதிதான் அவர் மனதை மாற்றியது என்று நினைக்கிறேன். அதை அப்படியே எழுதுகிறேன், உம்முடைய வாடகைக்காரரிடம் கேட்க உதவும்:

"வீட்டை விடும்போது, முதலில் வாயுவை வெளிப்பகுதிக்குள் இழுத்து அடைத்த பின்னரே குழாய்கள் கழற்றப்படும். துளை, செங்கல் துண்டுகளும் சீமெந்துச் சாந்தும் கொண்டு சுவரின் முழுத் தடிப்புக்கும் இரு பக்கங்களிலிருந்தும் இரண்டு தடவையாக நிரப்பப்படும். முதல் நிரப்பு இறுகிச் சுருங்கிய பின்னரே இரண்டாவது பூசப்பட்டு, நனைத்து ஆறவிடப்படும். நன்கு காய்ந்த பிறகு புட்டி, பிரைமர், பெயின்ட் என்பன, ஒட்டுப்போட்டதுபோலத் தெரியாதபடி, மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுவதற்கும் அடிக்கப்படும். ஒரு மாத வாடகைக்குச் சமமான தொகையை, நான் போன பிறகு முதல் கடும் மழை பெய்து சுவர் உலர்ந்திருப்பதைத் தாங்கள் பார்க்கும் வரை முற்பணத்திலிருந்து பிடித்து வைத்திருக்கலாம். இயந்திரம் என்னுடையது, அதைக் கொண்டுபோவேன். அடுத்து வருபவருக்குத் துளை பயன்படும் என்று தாங்கள் கருதினால், அதை மூடியிட்டு விட்டுச் செல்லவும் சம்மதம்."

இரண்டு தடவையாக நிரப்புவதை வலியுறுத்தியது மேசன் பாஸ் ஒருவர் சொன்னதால். ஒரேயடியாகச் சாந்தைத் திணித்தால் காயும்போது அது சுருங்கி, செங்கல்லின் ஓரத்தில் தலைமயிர்போல விரிசல் விடும். மழைநீருக்கு அவ்வளவு இடம் போதும். பெயின்ட் விஷயம் என் சொந்த அனுபவம். ஐந்து வருடம் வெளிறிய சுவரில் அதே நிறத்தை ஒரு கையளவுக்கு அடித்தால், அடித்த இடம் சத்தமிட்டுக் காட்டிக் கொடுக்கும்.

வீட்டுக்காரர் இரண்டு திருத்தங்களோடு கையெழுத்திட்டார். மூடும் வேலையைத் தாம் சொல்லும் மேசனே செய்ய வேண்டும், கூலி என்னுடையது; துளையிடுவதற்கு முன்னும் பின்னும் சுவரைப் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். மழைக்காகக் காத்திருக்கும் காலத்துக்கு எல்லை இல்லையே என்று நான் கேட்டதற்கு, மூன்று மாதம் என்று அவரே வரையறுத்தார். மழையே பெய்யாவிட்டால் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் கால் மணி நேரம் தண்ணீர் அடித்துப் பார்ப்போம் என்றார். நல்ல யோசனை, இதை நான் எழுதாமல் விட்டது என் குறை.

கடந்த சனிக்கிழமை ஏ.சி. பூட்டியாயிற்று. உம்முடைய வாடகைக்காரரின் கடிதத்தை எனக்கு அனுப்பும். ஓடு வேய்ந்த பழைய வீடு என்பதால் துளை எந்தச் சுவரில், மேலே பீம் இருக்கிறதா, பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரா என்பவற்றை முதலில் கேட்டு எழுதும். சுண்ணாம்புச் சுவரென்றால் சீமெந்துச் சாந்து அதில் சரியாக ஒட்டாது, நிரப்பும் முறையையே மாற்ற வேண்டிவரும்.

என்றும் அன்புடன்,
உம்முடைய பழைய நண்பன்