மருத்துவமனை பில்லும் கடிதத்தில் நான் விட்ட இடங்களும்

அன்புள்ள மகனுக்கு,

மருமகளின் அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனை தந்த பில்லை நீ ஸ்கேன் செய்து அனுப்பியது கிடைத்தது. "காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், அம்மா" என்று கேட்டிருந்தாய். எழுதிவிட்டேன். ஆனால் சில இடங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். அவற்றை நீயாக ஊகித்து நிரப்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதைத் தனியாக எழுதுகிறேன். கிளெய்ம் பிரிவில் இருந்த வருடங்களில், ஒரு தவறான எண்ணுக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் தொகை. மருந்துக் கணக்கு 18,600 ரூபாயா 13,600 ரூபாயா என்று ஸ்கேனில் தெளிவாக இல்லை. அதனால் கூட்டிப் பார்த்தேன். அறை வாடகை 13,500, அறுவை அரங்கும் மருத்துவர்களும் 48,000, பரிசோதனைகள் 9,400, பதிவுக் கட்டணம், கையுறை முதலியவை 1,500. மருந்து 18,600 என்றால்தான் பில்லின் மொத்தமான 91,000 வருகிறது. அந்த எண்ணை நம்பி எழுதிவிட்டேன்.

ஆனால் கடிதத்தில் நாம் கேட்கும் தொகை 91,000 அல்ல. பில்லின் அடியில் 2,000 ரூபாய் தள்ளுபடி என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. நீ கட்டியது 89,000 என்றால் அதைத்தான் கேட்க வேண்டும். முன்பணம் 30,000, கடைசியில் 59,000 என்று இரண்டு ரசீதுகள் இருக்க வேண்டும். பில் வேறு, ரசீது வேறு. பில் செலவைச் சொல்லும்; பணம் கட்டியதற்கு ரசீதுதான் சாட்சி. இரண்டையும் எடுத்து எனக்கு அனுப்பு.

தேதி மட்டும் கூட்டலுக்குள் அடங்கவில்லை. சேர்ந்த நாள் 11 ஆகவும் படிக்கலாம், 17 ஆகவும் படிக்கலாம். வீடு திரும்பிய நாள் சரியாகத் தாள் மடிந்த இடத்தில் இருக்கிறது. மூன்று நாள் வாடகை என்பது இரண்டுக்குமே பொருந்தும். உன் நினைவிலிருந்து சொல்லாதே, டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துச் சொல்.

பெயரிலும் ஒரு சிக்கல். பில்லில் மருமகளுக்கு உன் முதலெழுத்தைப் போட்டிருக்கிறார்கள். பாலிசியில் அவள் அப்பாவின் முதலெழுத்து இருந்தால், இருவரும் ஒருவரா என்று கேட்டு கிளெய்மை நிறுத்தி வைப்பார்கள். கடிதத்தில் பாலிசியில் உள்ளபடியே எழுத வேண்டும். பில்லில் வேறாக இருந்தால் மருத்துவமனையிலேயே திருத்தி முத்திரை வாங்கிவிடு. நீ பேனாவால் அடித்துத் திருத்தாதே.

அடுத்தது, நான் வேண்டுமென்றே சேர்க்காத ஒன்று. "கொஞ்ச நாளாகவே அவளுக்கு வயிற்றுவலி" என்று எழுதியிருந்தாய். வலி எத்தனை நாள் என்பதை மருத்துவர் சம்மரியில் பதிந்திருப்பார். மருத்துவர்கள் 3/7 என்று எழுதினால் மூன்று நாள், 3/12 என்றால் மூன்று மாதம். மூன்று மாதம் என்று தவறாக விழுந்திருந்தால், பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயா என்ற கேள்வி வரும். சம்மரியில் அந்த வரியைப் படித்து, மருமகளிடமும் கேள். எழுதியது தவறு என்றால் சிகிச்சை செய்த மருத்துவரே திருத்தித் தர வேண்டும். முன்பே வலி வந்து வைத்தியம் பார்த்திருந்தால் என்னிடம் சொல், அதை உள்ளபடி எழுதுவோம். மறைத்தது பின்னால் தெரிந்தால் பாலிசியே கைவிட்டுப் போகும்.

அறை வாடகை பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் எழுதவில்லை. உங்கள் காப்பீடு 3 லட்சம். நாளுக்கு ஒரு சதவீதம் என்ற வரம்பு உங்கள் பாலிசியில் இருந்தால் 3,000 தான் ஏற்பார்கள். நீங்கள் எடுத்தது 4,500. வாடகையில் மட்டும் அல்ல, மருத்துவர், அறுவை அரங்குக் கட்டணங்களிலும் அதே மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். 48,000 என்பது 32,000 ஆகிவிடும். அது அவர்கள் போட வேண்டிய கணக்கு, நாமே குறைத்துக் கேட்கத் தேவையில்லை. ஆனால் மருந்துக்கும் பரிசோதனைக்கும் அந்தக் கழிவு கிடையாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அவற்றிலும் கழித்தால் உனக்கு 9,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். பணம் வரும்போது கழிவு விவரத் தாளைக் கேட்டு வாங்கி, முதலில் இதைப் பார்.

பாலிசி எண்ணை அட்டையைப் பார்த்தும், நீ தகவல் சொன்னபோது அவர்கள் தந்த கிளெய்ம் எண்ணை அவர்கள் அனுப்பிய செய்தியைப் பார்த்தும் எழுது. வங்கிக் கணக்குக்கு ரத்து செய்த காசோலை போதும், கடிதத்தில் வேண்டாம். வீடு திரும்பிய நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் தாள்களைக் கொடுக்க வேண்டும் என்று பாலிசியில் இன்றே பார்த்துவிடு. அசல்களை அனுப்புமுன் ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்துக்கொள்.

வியாழனுக்குள் சம்மரியும் ரசீதுகளும் வந்தால் வெள்ளிக்கிழமை முழுக் கடிதத்தை அனுப்பிவிடுவேன். மருமகளைத் தண்ணீர்க் குடம் தூக்க விடாதே. தையல் எப்போது பிரிக்கிறார்கள் என்று எழுது.

அன்புடன்,
அம்மா