3.8 ஆ, 8.8 ஆ? வினாத்தாள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வினாத்தாள் குழுவினருக்கு,

வணக்கம். புள்ளியியல் தாளின் ஏழாவது கேள்வி பற்றித்தான் எழுதுகிறேன், எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஐந்து பேர் பேருந்துக்குக் காத்திருந்த நிமிடங்களை யாரோ நோட்டில் எழுதி, அதைக் கைபேசியில் படம் பிடித்து, அப்படியே வினாத்தாளில் ஒட்டிவிட்டீர்கள். 2.1, 9.6, 1.7, 4.3 என்று நான்கு எண்கள் தெரிகின்றன. இன்னொன்று 3.8 ஆ, 8.8 ஆ என்பது எழுதியவருக்கே வெளிச்சம்.

காத்திருப்பு 0 முதல் θ வரை சீரான பரவல், மொமென்ட்ஸ் முறையில் θ-வை மதிப்பிடு என்பது கேள்வி. பரவலின் சராசரி θ/2, அதை மாதிரியின் சராசரிக்குச் சமன் செய்தால் θ = 2x̄. இரண்டு நிமிட வேலை. என்னிடம் படிக்கும் பெண் ஒருத்தி 3.8 என்று சரியாகத்தான் படித்திருக்கிறாள். கூட்டுத்தொகை 21.5, சராசரி 4.3, விடை 8.6. அப்புறம் பட்டியலைத் திரும்பப் பார்த்திருக்கிறாள், அதில் 9.6 நிமிடம் நின்றவர் ஒருவர் இருக்கிறார். அதிகபட்சக் காத்திருப்பே 8.6 என்றால் அவர் எங்கே நின்றார்? படத்தைத் தப்பாகப் படித்துவிட்டோம் போல என்று 8.6-ஐ அடித்துவிட்டு, 8.8 வைத்து 10.6 என்று எழுதிவிட்டு வந்தாள். யோசித்ததற்குக் கிடைத்த மதிப்பெண் பூஜ்யம், ஏனென்றால் விடைக்குறிப்பில் இருப்பது 8.6.

ஒரே ஒரு இலக்கம்தான், ஆனால் மாதிரியில் ஐந்து எண்களே இருப்பதால் சராசரி 1 நகர்கிறது, விடை 2 நகர்கிறது. அதனால்தான் கேட்கிறேன், எண்களை தயவுசெய்து தட்டச்சு செய்து கொடுங்கள்.

விடை மாதிரியின் பெரிய எண்ணைவிடக் குறைவாக வருவது அபூர்வம் என்று உங்கள் தரப்பில் ஒருவர் சொன்னார். அபூர்வமா? பெரிய எண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டால் மற்ற நான்கும் 0-க்கும் அதற்கும் இடையே சீராகப் பரவியிருக்கும், அவற்றின் கூட்டுத்தொகை பெரிய எண்ணின் ஒன்றரை மடங்கை எட்டாவிட்டால் கதை முடிந்தது. இங்கே அது 11.9, வேண்டியது 14.4. ஐந்து எண் மாதிரியில் இதற்கான நிகழ்தகவு சுமார் 0.2, அதாவது ஐந்தில் ஒரு முறை. இரண்டே எண் என்றால் இது வரவே வராது, ஒருவேளை அதை மனதில் வைத்துச் சொன்னாரோ என்னவோ.

இந்த முறை சராசரியை மட்டும் பார்க்கிறது, 9.6-ஐத் தனியாக மதிப்பதே இல்லை. பெரிய எண்ணை 6/5 ஆல் பெருக்கினால் 11.52 வரும், அதில் இந்த முரண்பாடே எழாது. முரண்பாட்டைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தால் அருமையான கேள்வியாக இருந்திருக்கும், நீங்களோ அதைக் கண்டுபிடித்தவளைத் தண்டித்திருக்கிறீர்கள். மறுமதிப்பீட்டுக் கட்டணச் செல்லானில் மட்டும் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று இருக்கிறது!

சரி, கோபத்தை விடுகிறேன். 8.6, 10.6 இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள், 9.6-ஐச் சுட்டிக்காட்டியவர்களின் விடைத்தாளை இன்னொரு முறை பாருங்கள். அடுத்த தாளிலாவது எண்களைத் தட்டச்சு செய்துவிடுங்கள், ஐந்து எண்தானே.

பணிவுடன்,
ஒரு புள்ளியியல் ஆசிரியர்