முழுத் தொகையையும் சொல்

கல்லடி, மட்டக்களப்பு.

அன்புள்ள நண்பனுக்கு,

திருக்கோவிலிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. வட்டிக்கு வாங்கியதை மட்டும் இப்போது மனைவியிடம் சொல்லிவிட்டு, அடகில் இருக்கும் காப்பைப் பற்றிப் பிறகு சொல்லலாம் என்கிறாய். அதையே செய்து பட்டவன் என்பதால் உடனே எழுதுகிறேன்.

தம்பியைக் கட்டாருக்கு அனுப்புவதற்காக நான் வட்டிக்காரரிடம் 150,000 ரூபாவும், மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 300,000 ரூபாவும் பெற்றிருந்தேன். கடையில் 45,000 ரூபா பாக்கி. முதலாவதை மட்டும் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு ஆறினாள். மூன்று வாரங்களின் பின் என் சட்டைப் பையில் அடகுச் சீட்டைக் கண்டபோதுதான் வீடு உடைந்தது. நம் ஊர் வழக்கப்படி வீடும் அவளுடையது, சங்கிலியும் அவளுடைய தாயார் கொடுத்தது. "இன்னும் என்ன இருக்கிறது?" என்ற அவளது கேள்விக்கு நான் சொன்ன எந்தப் பதிலையும் அவள் நம்பவில்லை, நம்புவதற்கு நான் இடம் வைத்திருக்கவும் இல்லை.

பிறகு ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதினேன்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் நான் பட்ட கடன் அதில் தெரியும். கைமாற்றும் வட்டிக்காரர் கடனும் தெரியாது என்பதையும் நானே சொன்னேன். பிள்ளைகளும் மாமியும் இல்லாத ஒரு பகல் பொழுதில், அவள் கேட்டவற்றுக்கெல்லாம் விடை சொல்லி முடிக்க இரண்டு மணித்தியாலம் ஆயிற்று.

மாதம் 30,000 ரூபா ஒதுக்க முடியும் என்று இருவரும் கணக்குப் பார்த்தோம். சங்கிலி ஏலத்துக்குப் போகாதிருக்க அடகு வட்டி 4,500, வட்டியில்லாத கடைப் பாக்கிக்கு 3,000, மீதி 22,500 வட்டிக்காரருக்கு. மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி என்பதால் முதல் மாதத்தில் 7,500 வட்டிக்கே போக, முதல்தொகையில் 15,000 குறைந்தது. உன் வட்டிக்காரர் முதல்தொகையைப் பகுதி பகுதியாக ஏற்பாரா என்பதை முன்கூட்டியே கேள். சிலர் முழுவதையும் ஒன்றாகவே கேட்பார்கள், அப்போது திட்டமே மாறும். என்னுடையவர் சம்மதித்தார், ஒவ்வொரு முறையும் கொப்பியில் கையொப்பமிடுகிறார். நான்கு மாதங்களில் கடன் 85,000 அளவுக்கு வந்துவிட்டது. ஒன்பதாவது மாதத்தில் முடியும், அதன் பின் அந்தப் பணம் சங்கிலியை மீட்கப் போகும்.

சம்பளப் புத்தகம் அவளிடம் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு மாலை கொப்பியைப் பார்க்கிறோம். 5,000 ரூபாவுக்கு மேல் எதையும் சொல்லாமல் வாங்குவதில்லை என்பது இருவருக்கும் விதி. சென்ற மாதம் அவள் என் பையைத் தேடியதைக் கண்டேன். கோபம் வந்தது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டாயா என்றும் நான் கேட்பதில்லை.

நீ முதலில் தாளை எழுதி எனக்கு அனுப்பு. காப்பின் அடகுச் சீட்டில் உள்ள மீட்புத் தேதியையும் அதில் மறக்காமல் குறி.

அன்புடன்,
உன் நண்பன்