புதியவர்களை அழைக்கும் வீடியோ: தலைவர் பேச்சு தயார்

வணக்கம் நண்பர்களே. வீடியோவை வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு எடுக்கிறோம். முதலில் எழுதிய பேச்சை வாய்விட்டு வாசித்தால் இரண்டு நிமிடத்தைத் தாண்டியது. குழு தொடங்கிய கதையையும் நன்றிப் பட்டியலையும் வெட்டிவிட்டேன் (மூத்தவர்கள் மன்னிக்கவும்). இப்போது ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது:

“புது இடம், தெரியாத முகங்கள். யாரிடம் போய்ப் பேசுவது? முதல் நாள் நானும் வாசலிலேயே நின்றேன். அதனால்தான் இங்கே வரும் ஒவ்வொருவருக்கும் முதல் மாதம் துணைக்கு ஒருவர் இருப்பார். கொஞ்சம் விளையாட்டு, அப்புறம் சேர்ந்து ஒரு வேலை. மேடை ஏறத் தெரிய வேண்டாம். எந்தச் சனிக்கிழமையும் மாலை 5 மணிக்கு ஒருமுறை வந்து பாருங்கள். பிடித்தால் பிறகு பெயர் கொடுக்கலாம்.”

1. பேச்சில் செயற்கையாக ஒலிக்கும் வரி இருந்தால் வெள்ளி இரவுக்குள் சொல்லுங்கள். “பெருமகிழ்ச்சி அடைகிறோம்” மாதிரி எதையும் சேர்க்கச் சொல்லாதீர்கள்.
2. “எந்தச் சனிக்கிழமையும்” அப்படியே இருக்கட்டும். “இந்தச் சனி” என்றால் அடுத்த வாரமே வீடியோ பழசாகிவிடும்.
3. பின்னால் நிற்க 6 பேர் வேண்டும். 18 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் கொண்டுவர வேண்டும்.
4. துணைக்கு இருக்க 4 பேராவது முன்வராவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுவேன். வந்தவர் தனியாக நின்றால் மறுபடி வரமாட்டார்.

பின்னால் நிற்பவர்கள் “வருகிறேன்” என்றும், துணைக்கு இருப்பவர்கள் “துணை” என்றும் இங்கேயே பதில் போடுங்கள்.