மாத வட்டி கேட்பவரிடம் இதையும் சொல்லுங்கள்

நிரந்தர வைப்புத் திட்டங்களை நடத்தும் வங்கி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வட்டியை மாதாமாதம் கையில் வாங்கிக்கொள்ளும் வைப்புத் திட்டத்தை, ஓய்வுபெற்றவர்களிடம் நீங்கள் அதிகம் எடுத்துச் சொல்கிறீர்கள். அசல் அப்படியே இருக்கும், வட்டியில் காலம் தள்ளலாம் என்று நம்பித்தான் அவர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். அசல் அப்படியே இருப்பதில்லை.

ஒருவர் 10 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போடுகிறார். ஆண்டுக்கு 70,000 வருகிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். இன்று 10 லட்சத்துக்குக் கிடைப்பதை அடுத்த ஆண்டு வாங்க 10,60,000 வேண்டும். அப்படியென்றால் வந்த வட்டியில் 60,000 வருமானமே அல்ல, அசல் தேய்ந்ததற்கான ஈடு. உண்மையான வருமானம் மீதி 10,000 மட்டுமே. எழுபதாயிரத்தையும் செலவழிப்பவர் தன் அசலைத்தான் கரைக்கிறார். பாஸ்புக்கில் எண் மாறாததால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இதே நிலை 10 ஆண்டுகள் நீடித்தால், அந்த 10 லட்சம் இன்றைய 5,58,000 வாங்குவதைத்தான் வாங்கும். மாத வட்டியின் மதிப்பும் அதே அளவு சுருங்கியிருக்கும். வயதும் செலவும் கூடியிருக்கும் நேரத்தில்தான் அது உறைக்கும்.

இதற்கு மேல் வரி. பல நாடுகளில் வட்டி முழுவதுமே வருமானமாகக் கருதப்படுகிறது. 20 சதவீத வரி என்றால் 14,000 போய் 56,000 மிஞ்சும். தேய்மானத்தை ஈடுகட்டவே 4,000 குறைகிறது. ஒரு காசு செலவழிக்காமலே அவருக்கு நட்டம். வட்டி 3 சதவீதமாகவும் விலையேற்றம் 2 சதவீதமாகவும் இருந்திருந்தால், அதே வரி போக 24,000 நிற்கும். தேய்மானம் 20,000 போக 4,000 லாபம். இரண்டு கணக்கிலும் இடைவெளி அதே 1 சதவீதம்தான். ஆகவே பணவீக்கம் மிகுந்த காலத்தில் கிடைக்கும் 'உயர்ந்த வட்டி'யை, அதுவும் வரி கட்டுபவரிடம், பெருமையாக விளம்பரப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வரும் ஆண்டுகளின் விலைவாசி யாருக்குத் தெரியும் என்பீர்கள். நியாயமான கேள்வி. விலையேற்றம் தணிந்தால், வட்டியை முன்பே உறுதிசெய்துகொண்டவருக்கு ஆதாயம்கூட உண்டு. அதனால்தான் ஒரே கணிப்பைக் கேட்கவில்லை. விலையேற்றம் 2, 4, 6 சதவீதமாக இருந்தால் 10 ஆண்டுகளுக்குப் பின் 10 லட்சத்தின் இன்றைய மதிப்பு முறையே சுமார் 8,20,000, 6,76,000, 5,58,000 என்று படிவத்திலேயே அச்சிடுங்கள். கையெழுத்துக்கு முன்பு அவர் கண்ணில் படட்டும்.

கூடவே இன்னொரு வசதியும் வேண்டும். வட்டியில் ஒரு பகுதியை மட்டும் மாதாமாதம் வாங்கிக்கொண்டு, மீதியை அசலோடு சேர்க்கும் வாய்ப்பையும் அதே படிவத்தில் கொடுங்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதை வைப்பாளரே முடிவுசெய்யட்டும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளவும் விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வைப்பாளர்