சட்டியில் கழன்ற மசாலா

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே மொட்டைமாடி ஒழுகலை ஒருவழியாக அடைத்தாயிற்று. பையன் செமஸ்டர் லீவுக்கு வந்திருக்கிறான். வந்து பையைக்கூட இறக்கவில்லை, சிக்கன் 65 வேண்டும் என்றான். நீயும் அதே சங்கதியைத்தான் எழுதியிருக்கிறாய்: மசாலா எண்ணெயில் கழன்றுபோகிறது, கறி சொதசொதவென்று இருக்கிறது என்று. எனக்கும் முதல் தடவை அதேதான்டா நடந்தது.

65 என்றால் மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலைத்தான் சொல்வார்கள். 1965இல் அங்கே மெனுவில் ஏறியதால் அந்தப் பெயர் என்று ஒரு பேச்சு உண்டு. வேறு கதைகளும் உலவுகின்றன, அதை விடு.

நான் செய்த தப்பைக் கேள். அரைக் கிலோ கறிக்கு நாலு ஸ்பூன் தயிர், ஒரு முட்டை, எலுமிச்சைச் சாறு, கான்ஃப்ளார் எல்லாவற்றையும் முதல்நாள் ராத்திரியே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் குழம்பு மாதிரி நிற்கிறது. உப்பு கறியிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை. எண்ணெயில் போட்டதும் மசாலா தனியாக மிதந்து கருக, கறி வெள்ளையாக வெந்தது.

இப்போது இரண்டு தவணையாகச் செய்கிறேன். எலும்பில்லாத தொடைக்கறியைக் கட்டைவிரல் அகலத்துக்கு வெட்டி, கழுவி, வடிகூடையில் அரைமணி நேரம் போட்டுவிடுவேன். அப்புறம் உப்பு, இஞ்சி பூண்டு விழுது, காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன், மிளகுத்தூள், கெட்டித்தயிர் ஒரே ஒரு பெரிய ஸ்பூன். நிறத்துக்கு காஷ்மீரி மிளகாயே போதும், கலர்ப்பொடி வேண்டாம். இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறட்டும். மாவு கடைசியில்தான், எண்ணெய் அடுப்பில் ஏறிய பிறகு: ஒரு சின்ன முட்டை, மூன்று பெரிய ஸ்பூன் கான்ஃப்ளார், ஒரு ஸ்பூன் அரிசிமாவு. ஊறும்போது கிண்ணத்தடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதை முதலில் வடித்துவிடு.

பிசைந்ததும் ஒரு துண்டை விரலால் தூக்கிப் பிடி. மசாலா ஒட்டி நிற்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்தால் பரவாயில்லை, நூலாக ஒழுகினால் இன்னும் ஒரு ஸ்பூன் கான்ஃப்ளார் சேர். வெள்ளை மாவு அங்கங்கே தெரிந்தால் கையை நனைத்துத் தண்ணீர் தெளி. அந்த மாவு எண்ணெயில் உதிர்ந்து, அடியில் கருகி, அடுத்த ஈட்டையும் கசக்க வைக்கும்.

எண்ணெயை நான் மாவுச் சொட்டு போட்டுத்தான் பார்ப்பேன். அடியில் போய் ஒரு நொடி நின்று மெல்ல மேலே வந்தால் முதல் பொரிப்புக்குச் சரி. தெர்மாமீட்டர் வைத்திருந்தால் 160 டிகிரி சுமாருக்குக் காட்டும். போட்டவுடனே சீறிக்கொண்டு எழும்பினால் அதிகச் சூடு, வெளியே கருகும், உள்ளே ரத்தம் தெரியும். துண்டுகளை ஒவ்வொன்றாக விடு. சட்டியில் பாதிக்குமேல் நிரப்பினால் சூடு இறங்கி, கறி எண்ணெய் குடிக்கும். முதல் ஒரு நிமிடம் கரண்டியை உள்ளே விடாதே, மாவு பிடித்துக்கொள்ளட்டும். நாலைந்து நிமிடத்தில் சடசடப்பு அடங்கி, நுரை குறையும். ஒன்றைப் பிய்த்துப் பார், நடுவில் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது.

எடுத்ததும் மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். அதில் ஏமாந்துவிடாதே. பத்து நிமிடம் வடிகூடையில் கிடக்கட்டும். உள்ளே இருக்கிற ஈரம் மெல்ல வெளித்தோலுக்கு வந்து அதை நமுத்துப்போகச் செய்யும். அந்த ஈரத்தை விரட்டத்தான் இரண்டாவது பொரிப்பு. அடுப்பைக் கூட்டி, மாவுச் சொட்டு விழுந்ததும் சீறுகிற அளவுக்குச் சூடேற்று, 190 டிகிரி வரை போகலாம். துண்டுகளைப் போட்டு ஒரு நிமிடம், அதற்குமேல் ஒரு நொடிகூட வேண்டாம். மிளகாய்த்தூள் சட்டென்று கருப்படிக்கும். என் மனைவி பக்கத்தில் நின்று அறுபது எண்ணுவாள். கரண்டியால் தட்டினால் கலகலவென்று சத்தம் வரும், அதுதான் பதம். கடைசியில் ஈரமில்லாத கறிவேப்பிலையும் கீறின பச்சை மிளகாயும் எண்ணெயில் பொரித்து மேலே போடு. கீறாமல் போட்டால் மிளகாய் வெடிக்கும், என் முழங்கையில் தழும்பு இருக்கிறது. மூடி மட்டும் போடாதே, ஆவியில் எல்லாம் வீணாகும்.

பொங்கலுக்கு வருகிறேன் என்றாய். முதல் பொரிப்பை முடித்து வைத்திருப்பேன். பஸ் பைபாஸ் தாண்டியதும் ஒரு போன் போடு, எண்ணெயை அடுப்பில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
முருகேசன்